தகப்பனே என்ற சொல்

என் தம்பிக்குத் திக்குவாய். குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பவன். கம்ப்ரசர் சத்தத்தை வைத்தே நோயைச் சொல்லிவிடுவான். ஆனால் அதை வீட்டுக்காரரிடம் விளக்குவதற்குள் அவர் டீ போட்டுக் குடித்துவிடலாம். அவனே இதைச் சொல்லிச் சிரிப்பான். சிரிக்கிற உரிமை அவனுக்கு மட்டும்தான். வேறு யார் சிரித்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நாங்கள் பழைய சபை. குழந்தையிலேயே தலையில் தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம், வளர்ந்தபின் அதை உறுதி செய்யும் திடப்படுத்தல், ஞாயிற்றுக்கிழமை ஆராதனைப் புத்தகம். குருவானவர் ஒரு வரி, சபையார் ஒரு வரி. பாவ அறிக்கையும் விசுவாசப் பிரமாணமும் எல்லோரும் ஒரே குரலில். அந்த ஒரே குரலில் தம்பி ஒருநாளும் திக்கியதில்லை. கூட்டத்தோடு சேர்ந்து சொன்னாலும் பாடினாலும் அவன் நாக்கு தண்ணீர் மாதிரி ஓடும். தனியாகப் பேசும்போதுதான் முட்டுக்கட்டை.

ஒருமுறை ஆராதனையில் எல்லோர் முன்னும் வேதபாடம் வாசிக்க அவனாகவே பெயர் கொடுத்தான். கமிட்டியில் கூடிப் பேசி, சபையார் சங்கடப்படுவார்கள் என்று மறுத்துவிட்டார்கள். அதைக்கூட அவனிடம் சொல்லத் துணிவில்லாமல் என்னிடம் சொல்லி அனுப்பினார்கள். அவர்களுடைய சங்கடத்தை நான் சுமந்துகொண்டு போய் அவன் மடியில் இறக்கினேன்.

பிறகு அவனுக்குக் கல்யாணம். பெண் நர்ஸ், பெந்தெகொஸ்தே சபை. அவளோடு ஒருநாள் போனவன் அங்கேயே தங்கிவிட்டான். டயர் கடைக்கு மேலே ஒரு நீள ஹால், பிளாஸ்டிக் நாற்காலி, டிரம்ஸ், கீபோர்ட். புத்தகம் கிடையாது. ஜெபம் என்றால் எல்லோரும் ஒரே நேரத்தில், அவரவர் வார்த்தையில், சத்தமாக.

“அங்க நான் எவ்வளவு தி-திக்கினாலும் யாருக்கும் கேக்காதுக்கா. ஆண்டவருக்கு மட்டும் கேக்கும்” என்றான்.

தொட்டியில் முழுகி மறுபடி ஞானஸ்நானம் எடுத்தபோது அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. சிறுவயதில் கொடுத்தது பொய்யா என்று கேட்டாள். எனக்கும் வருத்தம்தான். ஆனாலும் அவன் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

அங்கே ஒரு படி பாக்கி இருந்தது. பரிசுத்த ஆவியின் அபிஷேகம். அதைப் பெற்றதற்கு முதல் அடையாளம் அந்நிய பாஷை, தான் கற்காத மொழியில் பேசுவது. அந்த அடையாளம் இல்லாதவர் அந்தச் சபையில் ஊழியத்தில் நிற்க முடியாது. தம்பிக்கு மருத்துவமனை ஜெபக் குழுவில் சேர ஆசை. அதனால் அந்த அபிஷேகத்துக்காக ஜெபிக்கும் காத்திருப்புக் கூட்டத்துக்குப் போனான். என்னையும் கூப்பிட்டான்.

முதலில் மெதுவான பாட்டு. அதே இரண்டு வரி, திரும்பத் திரும்ப. பிறகு கைகள் உயர்ந்தன, ஸ்தோத்திரம் என்று ஒருவர் தொடங்க ஹால் முழுக்க அது பரவியது. என் பக்கத்தில் தம்பியின் மாமியார். முக்காடு போட்டு, கண்ணை மூடி, தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். ஒரு சொல்லும் எனக்குப் புரியவில்லை. ஆனால் அதில் ஏற்ற இறக்கம் இருந்தது, கேட்பதும் காத்திருப்பதும் இருந்தது. கேலி செய்யும் எண்ணத்தோடு போனவள்தான் நான். எனக்குக் கேலி வரவில்லை.

முன்னால் தம்பி முழங்காலில் இருந்தான். பாஸ்டர் தலையில் கை வைத்து அழுத்தினார். இன்னும் இருவர் ஆளுக்கு ஒரு காதில், “வாயத் திறங்க பிரதர், வேகமா சொல்லுங்க, நாக்க விட்டுக்கொடுங்க” என்று முடுக்கினார்கள். ஆவியானவர் இறங்குவார் என்று நம்புகிறவர்கள் எதற்காக இப்படிப் பிடித்து இழுக்க வேண்டும்?

தம்பி தகப்பனே என்று தொடங்கினான். “த-த-தக-தக-தக-” என்று அங்கேயே மாட்டிக்கொண்டான். கழுத்து நரம்பு புடைத்தது, கண் இறுகியது. பிறந்ததிலிருந்து நான் பார்க்கும் முகம் அது. சொல் வராமல் தவிக்கும் முகம்.

பாஸ்டர் மைக்கில், “வந்துட்டார், அபிஷேகம் வந்துடுச்சு” என்று கத்தினார். டிரம்ஸ் முழங்கியது.

அவன் தலையை ஆட்டி மறுத்தான். இல்லை என்று சொல்லப் பார்த்தான். “இ-இ-இல்-இல்-” அதையும் பாஷை என்றார்கள். மறுக்க மறுக்கக் கைதட்டல் கூடியது. பாஸ்டர் கையை உயர்த்தி எல்லோரையும் அடக்கிவிட்டு, அந்தப் பாஷைக்கு வியாக்கியானமும் சொன்னார்: “என் மகனே, உன் நாவின் கட்டை இன்று அவிழ்த்துவிட்டேன் என்று கர்த்தர் உரைக்கிறார்.”

திக்கிக்கொண்டிருப்பவன் முகத்துக்கு நேரே, அவன் திக்கையே மொழிபெயர்த்து, திக்கு போய்விட்டது என்றார். நான் எழுந்துவிட்டேன். என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. மாமியார் என் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, தானே எழுந்து முன்னால் நடந்தார்.

“பாஸ்டர், மைக்க இறக்குங்க. மாப்பிள்ளை பேசி முடிக்கட்டும்.”

காதருகே முடுக்கியவர்கள் விலகினார்கள். தம்பி மூச்சு வாங்கினான். அவசரப்படுத்த யாரும் இல்லாததால் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. “இது பா-பாஷை இல்ல. என் திக்கு. நான் த-தகப்பனேன்னு சொல்ல வந்தேன்.”

அவிசுவாசம் பேசாதீர்கள், பெற்றதை இழந்துவிடுவீர்கள் என்று பாஸ்டர் அவனை எச்சரித்தார். மாமியார் விடவில்லை.

“எனக்கு இந்த வரம் கிடைச்சு முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. பாத்திரம் கழுவிட்டு இருக்கும்போது வந்தது. யாரும் என் தலைய அழுத்தல. நான் நினைச்சா பேசுவேன், நினைச்சா நிறுத்துவேன். ஆவி பேசுறவனுக்கு அடங்கியிருக்கும்னு பவுல் எழுதலயா? இவரால நிறுத்த முடியல, பாஸ்டர். அதுகூடவா தெரியல? சபையில ஒருத்தர் சொன்னா மத்தவங்க நிதானிச்சுப் பாக்கணும்னும் எழுதியிருக்கு. நான் நிதானிச்சேன். நீங்க சொன்னது கர்த்தர் வார்த்தை இல்ல.”

பாஸ்டர் கீபோர்ட்காரரைப் பார்த்தார். பாட்டு தொடங்கிவிட்டது.

அடுத்த ஞாயிறு, ஆவியானவரைத் துக்கப்படுத்தும் பெண்களைப் பற்றிப் பிரசங்கம். பெயர் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. மாமியாரை ஜெபக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். தம்பிக்கு நேர்ந்ததை அற்புத சாட்சி என்று மட்டும் ஊரெல்லாம் சொன்னார்கள்.

கதை எங்கள் சபைக்கும் எட்டியது. ஆராதனை முடிந்து வாசலில் கமிட்டிப் பெரியவர் ஒருவர் தம்பியைப் போலவே திக்கிக் காட்டி, இதுதான் அவர்களுடைய பரலோக பாஷை என்றார். குருவானவரும் சிரித்தார். எனக்கு எரிச்சல் தலைக்கேறியது.

“அவங்க அவன் திக்க வரம்னு நினைச்சாங்க, தப்புதான். நீங்க அத அவமானம்னு நினைச்சு அவன வாசிக்க விடல. எது பெரிய தப்புன்னு நீங்களே சொல்லுங்க” என்றேன். குருவானவர் அங்கியின் பொத்தானைக் கழற்றுவதில் மும்முரமானார்.

ஒரு மாலை பாஸ்டர் தம்பி வீட்டுக்கு வந்தார். நான் அங்கே இருந்தேன். அவசரப்பட்டுவிட்டேன், மனசில் வைக்காதீர்கள் என்று தணிந்துதான் பேசினார். மெய்யாகவே வருந்தினார் என்று நினைக்கிறேன். தம்பி அவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தான்.

“கூ-கூட்டத்துல சொன்னீங்க, பாஸ்டர். கூட்டத்துலயே திரும்ப எடுங்க.”

ஜனங்களுடைய விசுவாசத்துக்கு இடறலாகிவிடும் என்றார் அவர். தம்பி அதே வாக்கியத்தை இன்னொரு முறை, இன்னும் மெதுவாகச் சொன்னான். பாஸ்டர் தண்ணீரைக் குடிக்காமலே எழுந்து போனார்.

மாமியாரும் தம்பியும் அவன் மனைவியும் இப்போது வேறொரு பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறார்கள். அங்கே யாராவது பாஷையில் செய்தி சொன்னால் எல்லோரும் அமைதியாகி, வியாக்கியானம் வரும்வரை காத்திருக்கிறார்களாம். வராவிட்டால் அடுத்த பாட்டுக்குப் போய்விடுகிறார்களாம். தம்பிக்குப் பாஷை இன்னும் வரவில்லை. மருத்துவமனைக் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். வார்டில் நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அவன் தனியாக, சத்தமாக, தன் வார்த்தையில் ஜெபிக்கிறான். நேரமாகிறது. படுத்திருப்பவர்களுக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

பாஸ்டர் இன்றுவரை அன்று சொன்னதைத் திரும்ப எடுக்கவில்லை. என் கோபமும் ஆறவில்லை.