கூப்பிடுகிற பல்பு

பேச்சு போன பிறகு என் கணவர் என்னோடு பேசியதெல்லாம் ஒரு எல்இடி பல்பு வழியாகத்தான்.

பக்கவாதம் அவருடைய வலது பக்கத்தையும் நாக்கையும் கொண்டுபோய்விட்டது. இடது கை மட்டும் மிச்சம். எனக்கோ நூற்பாலையில் வேலை பார்த்ததில் காது பாதி மந்தம். "அழைப்பு மணி வச்சா பக்கத்து வீட்டக்கா வந்து சொன்னாத்தான் அண்ணிக்குத் தெரியும்" என்று சிரித்தபடி, டெஸ்டர்தான் மணிக்குப் பதில் பல்பை மாட்டினான். அவன் அவரோடு வயரிங் வேலைக்குப் போனவன். கரண்ட் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கும் டெஸ்டர் சட்டைப் பையில் எப்போதும் இருப்பதால் அந்தப் பெயர். அவன் கல்யாணப் பத்திரிகையைப் பார்க்கும் வரை எனக்கு அவனுடைய சொந்தப் பெயர் தெரியாது.

அவர் படுக்கையில், இடது கைக்குப் பக்கத்தில், ஒரு சின்னப் பெட்டியில் அழுத்து சுவிட்ச். அழுத்தினால் எரியும், விட்டால் அணையும். வயர் சுவர் ஓரமாக வந்து நடையில் இருக்கும் பல்பில் முடியும். நான் அடுப்படியில் நின்றாலும் முன்னறை மேசையில் உட்கார்ந்தாலும் அது கண்ணில் படும். சில பல்புகள் சுவிட்ச் போட்ட பிறகு ஒரு மூச்சு யோசித்துத்தான் எரியும். அது உதவாது என்று நாலைந்தைப் போட்டுப் பார்த்து, தொட்டதும் எரிகிற ஒன்றை டெஸ்டர் தேர்ந்தெடுத்தான்.

ஒரு தடவை எரிந்து அணைந்தால் தண்ணீர். இரண்டு தடவை என்றால் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். மூன்று தடவைக்கு என்ன அர்த்தம் என்று நாங்கள் யாரும் வைக்கவில்லை, அவரே ஆரம்பித்தார். போய் நின்றால் ஒன்றும் வேண்டாம் என்று தலையைத் திருப்புவார். கண்ணை மூடினால் ஆமாம், தலையைத் திருப்பினால் இல்லை. அது எங்கள் பழக்கம். "சும்மாதான் கூப்பிட்டீங்களா?" என்றால் கண்ணை மூடுவார். அடுப்பில் ஏதாவது பொங்கி வழிந்துகொண்டிருக்கும். திட்டிக்கொண்டே பக்கத்தில் உட்காருவேன்.

முன்னறையில் எங்களுக்குப் பல்பு ரிப்பேர் வேலை. அவர் விழுந்த பிறகு அதை நான் பார்த்துக்கொண்டேன். மூடியைக் கழற்றி, உள்ளே வரிசையாக இருந்து வெளிச்சம் தரும் சின்னச் சில்லுகளில் கரும்புள்ளி விழுந்தது எது என்று பார்ப்பேன். டிரைவர் போயிருந்தால் மாற்றுவேன். டிரைவர் என்பது பல்பின் கழுத்துக்குள் இருக்கும் சின்னப் பலகை. லைனில் வரும் கரண்டைச் சில்லுகளுக்கு ஏற்றமாதிரி ஆக்கிக் கொடுப்பது. அது சூட்டில்தான் சாகும்.

அதனால் நடை பல்பு முதன்முதலாக நடுங்கியபோது நான் பயப்படவில்லை. தண்ணீரா, திருப்பணுமா என்று புரியாமல் இரண்டையும் செய்தேன். பிறகு அந்தப் பல்பைக் கழற்றி மேசையில் இருக்கும் சோதனை ஹோல்டரில் போட்டுப் பார்த்தேன். அங்கேயும் படபடத்தது. திறந்தால், டிரைவரில் இருந்த கெப்பாசிட்டர் என்கிற சின்ன உருளையின் தலை உப்பியிருந்தது. வேறு பல்பு மாட்டினேன். அவர் ஒரு தடவை அழுத்தினார். பளிச்சென்று எரிந்தது.

"உங்க நாக்கை மாத்திட்டேன், இனி தெளிவாப் பேசுங்க" என்றேன். வாயின் ஒரு ஓரத்தால் சிரித்தார்.

கொஞ்ச நாள் போனது. மறுபடி நடுக்கம். இந்தத் தடவை பல்பை மேசையில் போட்டால் அசையாமல் எரிந்தது. அப்படியென்றால் குறை பல்பில் இல்லை. மரக்குச்சியால் ஹோல்டரை லேசாகத் தட்டினேன், அணைந்தது, எரிந்தது. மெயினை நிறுத்திவிட்டுக் கழற்றிப் பார்த்தால், பல்பின் அடியைத் தாங்கும் இரண்டு முள்ளில் ஒன்று ஸ்பிரிங் தளர்ந்து, கருகிப்போய் உள்ளேயே உட்கார்ந்திருந்தது. புது ஹோல்டர் போட்டேன். நானே செய்தேன் என்று டெஸ்டரிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

"இனிமே எனக்கு வேலை இல்ல போல. அண்ணே, அண்ணி என் சோத்துல மண்ணள்ளிப் போடுறாங்க!"

அவர் கண்ணை மூடினார். அப்போது மூவரும் சிரித்தோம்.

அடுத்தது வீடு முழுக்க வந்தது. சாயங்காலமானால் எங்கள் வீட்டுப் பல்புகள் கண் கூசும் அளவுக்கு எரியும், மின்விசிறி பறக்கும். அதே நேரத்தில் பக்கத்து வீட்டில் பல்பு மங்கிக் கிடக்கும். சற்று நேரத்தில் தலைகீழாக மாறும். நடை பல்பு சில நாளிலேயே செத்தது. அடுப்படி பல்பும் கூடவே போனது. தெருவில் ஆளுக்கொரு பல்போடு என் மேசைக்கு வந்தார்கள்.

"என்னம்மா, எல்லாருக்கும் ஒரே வியாதி?" என்றாள் பக்கத்து வீட்டக்கா.

"பல்புக்கு இல்லக்கா, லைனுக்கு."

டெஸ்டர் மீட்டர் வைத்துப் பார்த்தான். முள் ஒரு இடத்தில் நிற்கவில்லை. கம்பத்தில் நியூட்ரல் இணைப்பு தளர்ந்திருக்கிறது என்றான். தெருவுக்கு வரும் மூன்று பேஸ் கம்பிகளின் கரண்டும் திரும்பிப் போகிற பொதுப் பாதை அது. அது சரியாகப் பிடிக்காவிட்டால் ஒரு வீட்டு வோல்ட்டேஜ் ஏறும், இன்னொரு வீட்டில் இறங்கும். மின்வாரிய ஆள் ஏறி, கருகியிருந்த முனையை வெட்டிப் புதிதாக முறுக்கிவிட்டு இறங்கினார். அன்றோடு தெருவே அடங்கியது. என் மேசைக்கு வரும் பல்புகளும் குறைந்தன.

இதையெல்லாம் விரிவாக எழுதக் காரணம் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் குறை இருந்தது. ஒவ்வொரு தடவையும் அது கண்ணுக்குத் தெரிந்தது, சரிசெய்ய முடிந்தது. அதனால் நான்காவது தடவை நடை பல்பு நடுங்கியபோதும், எங்கேயோ ஒரு திருகு தளர்ந்திருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

பல்பை மாற்றினேன். ஹோல்டரைத் தட்டினேன், அசையவில்லை. அடுப்படி பல்பு கல் மாதிரி நின்று எரிய, நடை பல்பு மட்டும் அவர் அழுத்தும்போது படபடத்தது. அதனால் அவர் பேச்சு எனக்குப் புரியாமல் போயிற்று. ஒன்றா, இரண்டா, மூன்றா? தண்ணீரைக் கொண்டுபோனால் தலையைத் திருப்புவார். திருப்பிப் படுக்க வைத்தால் மறுபடி தலையைத் திருப்புவார். ஒரு நாள் நான் எதைச் செய்தும் சரியாக வராமல், கடைசியில் அவர் கண்ணில் நீர் வழிந்தது. நான் டெஸ்டரைக் கூப்பிட்டேன்.

அவன் மறுநாள் காலையிலேயே வந்தான். வயரை முழு நீளத்துக்கும் தடவிப் பார்த்தான். பெட்டியைத் திறந்து சுவிட்சையே புதிதாக மாற்றினான். "அண்ணி, நடையில நின்னு பல்பைப் பாருங்க. நான் அழுத்துறேன்" என்று என் காதருகே வந்து சொல்லிவிட்டு உள்ளே போனான்.

நின்றேன். எரிந்தது, துளி அசைவில்லை. அணைந்தது. மறுபடி எரிந்தது, நிலையாக நின்றது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். மூன்றாவது தடவை எரிந்தபோது நடுங்கியது. காற்றில் மெழுகுவத்தி போல விட்டு விட்டு எரிந்தது.

"தம்பி, இன்னும் நடுங்குதே! நீ கையை நல்லா அழுத்து!" என்று கத்தினேன்.

நடுக்கம் நிற்கவில்லை. உள்ளே போனேன்.

டெஸ்டர் சுவரோரமாக, கையைக் கட்டிக்கொண்டு நின்றான். இப்போது சுவிட்சில் இருந்தது அவர் விரல். விரலிலிருந்து முழங்கை வரை ஆடிக்கொண்டிருந்தது. முழு பலத்தோடு அழுத்துகிறார் என்பது அவர் கழுத்து நரம்பில் தெரிந்தது.

"லைன்ல ஒரு குறையும் இல்ல அண்ணி" என்றான் டெஸ்டர்.

தொழிலில் நாங்கள் எத்தனையோ பேரிடம் சந்தோஷமாகச் சொன்ன வார்த்தை அது. அவர் விரலை எடுத்தார். எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. வாழ்க்கை முழுக்கக் குறை கண்டுபிடித்தவர்; நான் ஹோல்டரைத் தட்டிக்கொண்டிருந்தபோதே அவருக்குத் தெரிந்திருக்கும். சொல்ல வழியில்லை. வழி இருந்திருந்தாலும் சொல்லியிருப்பாரா என்று தெரியாது.

மருத்துவரிடம் அழைத்துப் போனோம். மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். இடது கையும் மெல்ல மெல்லப் போகும் என்பதை மாத்திரையைப் பற்றிப் பேசுகிற குரலிலேயே சொன்னார்.

டெஸ்டர் ஒரு வழி யோசித்தான். "உள்ள ஒரு டைமர் போட்டுரலாம் அண்ணே. லேசாத் தொட்டாப் போதும், ஒரு நிமிஷம் அசையாம எரியும். நடுக்கமே தெரியாது."

நல்ல யோசனைதான். ஆனால் எப்படித் தொட்டாலும் ஒரே மாதிரிதான் எரியும். ஒன்று, இரண்டு, மூன்று எதுவும் இருக்காது. வா என்கிற ஒரு சொல் மட்டும் மிஞ்சும்.

அவர் தலையைத் திருப்பினார்.

"யோசிங்கண்ணே. பாவம், அண்ணி ஓடி ஓடி..."

மறுபடி திருப்பினார்.

"விடுப்பா" என்றேன். "திக்குவாய்க்காரனைக் கட்டினவ அவன் பேச்சைப் புரிஞ்சுக்கலையா? நான் கத்துக்கிறேன்."

டெஸ்டர் பெரிய முகப்பு வைத்த, மெத்தென்று அமுங்குகிற சுவிட்ச் ஒன்றைத் தேடிக் கொண்டுவந்தான். விரல் பலம் வேண்டாம், உள்ளங்கை பாரமே போதும். அவர் கையை அதற்கு வெளியே வைத்துக்கொள்வார். பேச வேண்டுமானால் மட்டும் நகர்த்தி மேலே வைப்பார்.

கற்றுக்கொண்டேன். நடுக்கத்துக்குள்ளும் ஒரு இடைவெளி இருந்தது. கையை எடுக்கும்போது விழும் இருட்டு, நடுங்கும்போது விழும் இருட்டைவிடக் கொஞ்சம் நீளம். அதை எண்ணினால் ஒன்றோ இரண்டோ கிடைத்துவிடும். பல நாள் தப்பு விட்டேன். பிறகு தப்பு குறைந்தது. மூன்று மட்டும் ஒருபோதும் தப்பவில்லை. அதை முடிக்க அவருக்கு வெகுநேரம் ஆகும், முடியும் முன்பே நான் பக்கத்தில் இருப்பேன்.

மழைக்காலம் முடிகிற சமயம். ஒரு மத்தியானம் டெஸ்டர் முன்னறையில் எனக்கு எதிரே உட்கார்ந்து ஒரு டிரைவரில் ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தான். நான் நிமிர்ந்தபோது நடை பல்பு எரிந்தது. நடுங்கவில்லை. ஒரு துளிகூட நடுங்கவில்லை. எத்தனை மாதத்துக்குப் பிறகு!

"தம்பி, அங்க பாரு! அண்ணன் கை நிக்குது! மாத்திரை வேலை செய்யுது!"

டெஸ்டர் திரும்பிப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். அவனுக்கு என்னைவிட முன்பே தெரிந்துவிட்டது. பற்றவைக்கும் கோலைத் தாங்கியில் வைக்காமல் மேசையிலேயே போட்டுவிட்டு எழுந்தான். மேசைப் பலகை கருகுகிற வாசனை வந்தது. நான் கோலை எடுத்து வைத்துவிட்டு, சிரிப்பு மாறாமல் அவன் பின்னால் போனேன்.

அவர் கை சுவிட்சின் மேல் இருந்தது. அழுத்தவில்லை. கிடந்தது. அதன் பாரத்தில் சுவிட்ச் அமுங்கியிருந்தது.

ஒன்றா, இரண்டா, மூன்றா, எதைச் சொல்ல வந்து அந்தக் கையை அங்கே வைத்தார் என்று எனக்குத் தெரியாது. இதை எழுதும்போதும் தெரியவில்லை.

டெஸ்டர் கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். நான் அவர் நெற்றியைத் தொட்டேன், தோளைத் தொட்டேன். கையை மட்டும் தொடவில்லை. பக்கத்து வீட்டக்கா வந்தாள், மருத்துவர் வந்தார். நாடி பார்க்க அந்த மணிக்கட்டைத்தான் பிடித்தார், தூக்கினார். கட்டிலுக்கு அருகிலிருந்து நடை பல்பு அணைவது தெரியாது. டெஸ்டர் மட்டும் வாசல் பக்கம் தலையைத் திருப்பிப் பார்த்தான்.