நடுவில் நிறுத்த முடியாத ஆட்டம்

தையல்காரி கையடக்க வீடியோ கேமில் ஓர் அரக்கனின் கழுத்தைக் குறிவைத்து வாளை ஓங்கியிருந்தாள். ஒன்றரை வயது மகன் வாலு அவளை நிம்மதியாக உட்காரவே விடமாட்டான். அதனால்தான், அடிக்கடி தானாகவே சேமித்துக்கொள்ளும் ஆட்டமாகப் பார்த்து வாங்கியிருந்தாள். பொத்தானைத் தட்டினால் வெட்டும் ரத்தமும் அப்படியே உறைந்து நிற்கும்.

அடுத்த அறையில் கணவன் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, டிவி திரையில் முகம் தெரியாதவர்களோடு சேர்ந்து ஆன்லைன் சண்டை ஆட்டத்தில் சுட்டுக்கொண்டிருந்தான். வாலுவும் அங்கேதான் இருந்தான்.

அங்கிருந்து மரப்பலகை முறியும் சத்தம் கேட்டது. பொத்தானைத் தட்டிவிட்டு ஓடினாள். இழுப்பறைகளில் கால்வைத்து ஏறிய பிள்ளையின் மேல் கண்ணாடி அலமாரி சாய்ந்துகொண்டிருந்தது. பாய்ந்து தோளைக் கொடுத்தாள். கண்ணாடி உடைந்து கையை முழங்கைவரை கிழித்தது.

"ஏங்க, இதைப் பிடிங்க!"

அவன் ஹெட்போனை ஒரு காதிலிருந்து மட்டும் விலக்கினான். திரும்பவில்லை.

"ஒரு நிமிஷம்மா. இதை நடுவுல நிறுத்த முடியாது. விட்டா டீமே செத்துடும்."

காலால் பிள்ளையை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு அலமாரியை விட்டாள். அது தரையில் விழுந்து நொறுங்கியது. ரத்தம் சொட்டச் சொட்ட முக்காலியைத் தூக்கி டிவியின் நடுவில் ஓங்கி அடித்தாள். இன்னொரு அடியும் அடித்தாள்.

"இப்ப நின்னுடுச்சு பாருங்க."

அப்போதுதான் அவன் அவள் கையைப் பார்த்தான்.

கையில் தையல் போட்டதால் பல வாரம் அவளால் துணி வெட்ட முடியவில்லை. ஒருநாள் அவன் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"நீ ஆடுற மாதிரி, நடுவுல நிறுத்துற ஆட்டம் எனக்கும் ஒண்ணு சொல்லேன்."

"முதல்ல புள்ளையைத் தூக்குங்க" என்றாள்.