தலைக்கு ஜலம் விட்ட அன்று

சுப்புலக்ஷ்மி தூக்கியது என்னவோ ஒரு சாண் அகலப் பலகைதான். அதைத் தூக்கியதற்காக அவள் பட்ட பாடு இருக்கிறதே, அது பகைவருக்கும் வேண்டாம்.

ஸ்ரீவராகத்துத் தெருவில் அவர்கள் வீட்டுக் கொல்லையைப் பார்க்க ஆட்கள் வருவதுண்டு. அவள் கணவன் பிச்சுமணி மராமத்து இலாகாவில் டிராப்ட்ஸ்மேன். ஆபீஸில் பாலத்துக்குப் படம் போடுகிற மனுஷன், வீட்டுக்கு வந்தும் கை சும்மா இருக்காமல், குளிக்கிற தண்ணீருக்கும் பாத்திரம் தேய்க்கிற தண்ணீருக்கும் படம் போட்டார். பங்குனி, சித்திரையில் கிணறு அடிமண்ணைக் காட்டும். தெருக் குழாயில் வருகிறது குடிக்கவும் சமைக்கவும்தான் சரியாக இருக்கும். இத்தனை தண்ணீர் சாக்கடைக்குப் போகிறதே என்று அவருக்கு வயிற்றெரிச்சல்.

அடியில் துளை போட்ட பானை நிறையத் தேங்காய் நார். பருக்கையும் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் நின்றுவிடும். அங்கிருந்து மண்டி படிய ஒரு சின்னத் தொட்டி. பிறகு உடைத்த செங்கல், கரி, ஆற்றுமணல் என்று அடுக்கிய கிடங்கு. அதிலிருந்து ஓலை மூடிய வாய்க்கால் வழியாக வாழைக்கும் சேம்புக்கும் வேரடியில் போய்ச் சேரும். அன்றன்று வந்ததை அன்றன்றே விட்டுவிட வேண்டும். மறுநாள் வைத்தால் நாற்றமும் கொசுவும்தான் மிச்சம். நாரை இரண்டு நாளுக்கொரு முறை மாற்றிப் பழையதைப் புதைக்க வேண்டும். தொட்டிக்கு முன்னால்தான் அந்தப் பலகை. அதை இறக்கிவிட்டால் தோட்டத்துக்கு வழி அடைந்து, தண்ணீர் கிணற்றுக்கு எட்டாத வடக்கு மூலை உறிஞ்சு குழிக்குப் போகும்.

"கேட்டியோடீ, இந்தக் கிடங்கு அழுக்கை எடுக்கும், ரோகத்தை எடுக்காது" என்று பிச்சுமணி ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். "இலையில ஒரு சொட்டுப் படப்படாது. பச்சையாத் தின்கிற எதுக்கும் விடப்படாது. ஆத்துல யாருக்கானும் உடம்புக்கு வந்தா பலகை கீழே. மனசிலாச்சா?"

நன்றாகவே மனசிலாகியிருந்தது. அதனால்தான் மாசி மாதம் மைத்துனன் சேஷனுக்கு டைபாய்டு கண்டபோது, யாரும் சொல்லாமலே அவள் பலகையை இறக்கினாள். அவன் துணிகளை சோடாக்காரம் போட்டுக் கொதிக்க வைத்துத் துவைத்து, அந்தத் தண்ணீரையும் குழிக்கே விட்டாள். ஒரு மாதத்துக்கு மேல் அப்படியே நடந்தது. வாழை வாடியது. சேம்பு சுருண்டது. அவள் ஆசையாக விதைத்த கொத்தமல்லிப் பாத்தி வெயிலில் பழுத்து வெளுத்தது.

ஜுரம் விட்டுப் பத்து நாள் கழித்து, நல்ல நாள் பார்த்து சேஷனுக்குத் தலைக்கு ஜலம் விட்டார்கள். தலைக்கு ஜலம் விட்டாகிவிட்டது என்றால் வியாதி போயே போய்விட்டது என்றுதான் அந்தத் தெருவில் பிறந்து வளர்ந்த யாருக்கும் அர்த்தம். பத்தியம் முடிந்தது, தனிப் பாய் முடிந்தது, தனிப் பாத்திரம் முடிந்தது. சுப்புலக்ஷ்மி பகவானைக் கும்பிட்டாள். அன்று முதல் அவன் துணியும் வீட்டுத் துணியும் ஒரே கல்லில் விழுந்தன, கொதிக்க வைக்காமலேயே. பலகையைத் தூக்கினாள். சளசளவென்று தண்ணீர் ஓடியதைப் பார்த்து அவளுக்கு மனசு குளிர்ந்தது.

அதோடு விட்டாளா? இல்லையே! கொத்தமல்லி கண்ணெதிரே செத்துக்கொண்டிருந்தது. கிடங்கைத் தாண்டி வந்த தண்ணீர் பார்வைக்குப் பளிங்குதான். ஓலையை விலக்கி, செம்பால் மொண்டு, பாத்தி முழுக்கத் தெளித்தாள். ஒரு நாள் இல்லை, ராமநவமி வரை ஒன்பது நாள், காலையும் மாலையும். கொத்தமல்லி தளதளவென்று எழுந்தது.

ராமநவமிக்கு அவள் வீட்டில் பானகமும் நீர்மோரும் கோசுமல்லியும். அடுத்த வீட்டு விஜயலக்ஷ்மிக்கு இருபத்திரண்டு வயது. "அக்கா, அக்கா" என்று சுப்புலக்ஷ்மியின் தோளிலேயே தொங்குகிறவள். கோசுமல்லியை இரண்டு தரம் வாங்கித் தின்றாள். அவள் நீர்மோரையும் விடவில்லை.

"என்ன வாசனை அக்கா இந்தக் கொத்தமல்லி! எனக்கு மட்டும் இன்னொரு கை தூக்கிப் போடுங்கோ."

தூக்கித்தான் போட்டாள்.

பன்னிரண்டாம் நாள் தலைவலி என்று படுத்த விஜயலக்ஷ்மி எழுந்திருக்கவில்லை. ஜுரம் படிப்படியாக ஏறியது. டாக்டர் வந்து பார்த்து டைபாய்டு என்றார். ஹெல்த் இன்ஸ்பெக்டர் ஞானசிகாமணி சைக்கிளில் வந்து இறங்கினார். பாறசாலைக்காரர், பொறுமைசாலி. காய்ச்சாமல் என்ன சாப்பிட்டாள், என்ன குடித்தாள் என்று கேட்டார்.

"பின்னே என்ன, ராமநவமி நீர்மோர்தான்" என்றாள் விஜயலக்ஷ்மியின் மாமியார். "பகவதியோட தயிர். அவள் எந்தக் குளத்துத் தண்ணியை விட்டுக் கலக்கறாளோ!"

அவ்வளவுதான், தெரு முழுக்கப் பற்றிக்கொண்டது. மணக்காட்டிலிருந்து ஒற்றை எருமையை நம்பித் தயிர்ப்பானை சுமந்து வருகிறவள் பகவதி. இன்ஸ்பெக்டர், "விசாரிச்சிட்டுத்தான் சொல்ல முடியும்" என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டார். யார் காதில் விழுந்தது?

சுப்புலக்ஷ்மி மட்டும் கொல்லைக் கொத்தமல்லிப் பாத்தியைப் போய்ப் பார்த்தாள். அன்று சாயங்காலம் பிச்சுமணி சட்டையைக்கூடக் கழற்றாமல் கேட்டார்.

"டாக்டர்கிட்டப் பேசினேன். ஜுரம் விட்டு ஒரு மாசம் ரெண்டு மாசம்கூட ரோகியோட மலத்துல அந்தக் கிருமி வந்துண்டேயிருக்குமாம். துணியில ஒட்டிண்டு வந்தாலும் போருமாம். நம்ம பலகை கீழேதானே இருந்தது?"

"கீழேதான் இருந்தது."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன கையோடு கொல்லைக்கு ஓடிப் பலகையை இறக்கினாள். இறக்கி என்ன பிரயோஜனம்? அப்போது அவள் தன்னைத்தானே வெறுத்தாள், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. சோறு இறங்கவில்லை. கொத்தமல்லியைப் பிடுங்கக்கூடப் பயந்தாள். ஏன் பிடுங்கினாய் என்று அவர் கேட்டால்?

மறுநாள் காலை வாசலில் பகவதியின் குரல் கேட்டது.

"அம்மாளே, தயிரு."

இரு பக்கமும் கதவுகள் படபடவென்று சாத்திக்கொண்டன. சுப்புலக்ஷ்மி மட்டும் வாசலுக்கு வந்தாள். வாங்கினால் அக்கம்பக்கத்தார், இவளுக்கு மட்டும் எப்படிப் பயமில்லை என்று கேட்பார்களே என்று தோன்றியது.

"இன்னிக்கு வேண்டாம் பகவதி" என்றாள்.

"நாளைக்கு வரட்டா?"

"நாளைக்கும் வேண்டாம்."

பகவதி பானையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போனாள். மூன்று நாள் வந்தாள். நான்காம் நாள் வரவில்லை.

எட்டு நாள் சுப்புலக்ஷ்மி வாயைத் திறக்கவில்லை. விஜயலக்ஷ்மியின் நெற்றிக்கு ஈரத்துணி போட்டாள், பார்லி கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள், ஒவ்வொரு தரமும் சோப்புப் போட்டுக் கை கழுவினாள். அந்தப் பெண் பிதற்றலுக்கு நடுவே "அக்கா மாதிரி யார் பார்த்துப்பா" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டது. சுப்புலக்ஷ்மி கையை உதறிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய் நின்று அழுதாள்.

எட்டாம் நாள் இன்ஸ்பெக்டர் ப்ளீச்சிங் பவுடர் தூவ ஆளோடு வந்தார். பிச்சுமணி வாசலில் நின்று தன் கிடங்கைப் பற்றி அவரிடம் விளக்கிக்கொண்டிருந்தார். கேட்கச் சகிக்கவில்லை. சுப்புலக்ஷ்மி நேரே தெருவில் இறங்கினாள்.

"தயிர் இல்லை, சார். நான்தான். தலைக்கு ஜலம் விட்ட அன்னிக்கே பலகையைத் தூக்கிட்டேன். அந்தத் தண்ணியைக் கொத்தமல்லி மேல தெளிச்சேன். அதைப் பச்சையாப் போட்டுத்தான் கோசுமல்லி பண்ணினேன்."

பிச்சுமணியின் முகம் செத்துவிட்டது. இன்ஸ்பெக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். எந்தத் தேதி, எந்தத் துணி, கொதிக்க வைத்ததா, இலையில் பட்டதா, அன்று காலையும் தெளித்ததா.

"ஆணையிட்டு ஒண்ணும் சொல்ல முடியாது அம்மா. ஆனா தயிரைக் காட்டிலும் இதுக்குத்தான் சாத்தியம் கூடுதல். அந்தத் தயிரு இருபது வீட்டுக்குப் போச்சு, வேற ஒரு வீட்டிலேயும் காய்ச்சல் இல்லையே. உங்க வீட்டுல மத்தவங்க?"

"ராமநவமிக்கு எங்காத்துல எல்லாரும் உபவாசம். தீர்த்தம் மாதிரி ஒரு வாய் மோர்தான். கோசுமல்லியை நான்கூடத் தொடல்லை."

"அந்தப் பாத்தியைப் பிடுங்கிச் சுண்ணாம்பு போட்டுப் புதைங்க. உங்க மைத்துனருக்கு மலம் சோதிச்சுக் கிருமி இல்லேன்னு சொல்லற வரைக்கும் அவர் துணி கொதிக்கணும், தண்ணி குழிக்குத்தான். அதுக்கப்புறமும் வாழைக்கு மட்டும். கிடங்கு மேல தப்பு இல்லை, சார்" என்று கடைசியில் பிச்சுமணியைப் பார்த்துச் சொன்னார்.

விஜயலக்ஷ்மியின் மாமியார் ஜன்னலிலிருந்து என்னென்னவோ சொன்னாள். எல்லாம் நியாயம்தான், சுப்புலக்ஷ்மி நின்று கேட்டுக்கொண்டாள். உள்ளே வந்ததும் பிச்சுமணி ஒன்றே ஒன்று கேட்டார்.

"என்கிட்ட ஏன் பொய் சொன்னே?"

"பயமா இருந்தது, ஏன்னா."

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாத்தியைப் பிடுங்கப் போய்விட்டார். அவள் கூடப் போகவில்லை. விஜயலக்ஷ்மிக்கு அன்று காலைதான் ஜுரம் ஒரு டிகிரி இறங்கியிருந்தது. பிழைத்துவிடுவாள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இனி ஒரு இடம்தான் பாக்கி. புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு மணக்காட்டுக்கு நடந்தாள். அந்தத் தெருப் பெண்பிள்ளை பட்டப்பகலில் தனியாக அப்படிப் போகிறதா என்று நாலு பேர் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

பகவதி முற்றத்தில் ஓலை கீறிக்கொண்டிருந்தாள். இவளைக் கண்டதும் பதறி எழுந்து, கிட்டே வராமல் பத்தடி தள்ளி நின்றுகொண்டாள்.

"அம்மாளே, அந்தப் பொண்ணுக்கு எப்படி இருக்கு? உசிருக்கு ஒண்ணும் இல்லையே?"

"தேவலை. ஜுரம் இறங்கிண்டிருக்கு."

"பகவானே!" என்று பகவதி இரண்டு கையையும் மார்பில் வைத்துக்கொண்டாள். "நான் எட்டு நாளா உறங்கல்லை அம்மாளே. நான் குளத்துத் தண்ணி விடமாட்டேன், சத்தியம். ஆனாலும் பானை கழுவினதுல தப்பிருக்குமோ, என் கையிலதான் தப்போன்னு நெனச்சு நெனச்சு... ஒரு குடும்பத்துப் பொண்ணைக் கொல்லப் பாத்தேனேன்னு. இனி என் கையால ஒருத்தருக்கும் கொடுக்கப்படாதுன்னு என் வீட்டுக்காரர் வேலப்பன்கிட்டச் சொன்னேன். நேத்து நெடுமங்காட்டுக்காரன் வந்து எருமையை விலைக்கு வாங்கி ஓட்டிட்டுப் போனான்."

சுப்புலக்ஷ்மி தொழுவத்தைப் பார்த்தாள். முளைக்குச்சியும் பாதி தின்ற வைக்கோலும் கிடந்தன. நேற்று. நேற்று முன்தினம் வாயைத் திறந்திருந்தால் போதும்.

"உன் தயிர் இல்லை பகவதி" என்றாள். "எங்காத்துத் தண்ணி. நான் பண்ணின தப்பு. எனக்கு எட்டு நாளாத் தெரியும்."

பகவதி முதலில் சிரித்தாள். பாரம் இறங்கிய சிரிப்பு, கண்ணில் தண்ணீரோடு. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். துடைத்துக்கொண்டே தொழுவத்தின் பக்கம் திரும்பினாள், சிரிப்பு நின்றது.

"எட்டு நாளாவா, அம்மாளே?"

சுப்புலக்ஷ்மி ஆமாம் என்று தலையாட்டினாள்.