அப்பா கண்ணில் பட்ட பதிவு

முதியவர்கள் அணியும் டயப்பருக்கு விளம்பரம் எழுதும் வேலை கிடைத்தபோது, அவள் வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அலுவலகத்தில் தமிழ் எழுத வேறு ஆள் இல்லை. தவிர, அவள் வீட்டிலேயே அந்தப் பொட்டலம் கட்டிலுக்கடியில் இருந்தது.

அவள் அப்பா முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர். புராஸ்டேட் அறுவைக்குப் பிறகு அவருக்குச் சிறுநீர் நிற்கவில்லை. அம்மா போய் நாளாகிவிட்டது. கல்யாணமாகாத மகளும் அவரும் மட்டும் இருக்கும் வீடு.

முதல் மாதம் அவள் எல்லாருக்கும் ஒரே மாதிரி, பேச்சுத் தமிழில் எழுதிப் பார்த்தாள். "வெளிய போகவே பயமா இருக்கா? இனி கவலைய விடுங்க" என்று முகநூலில் ஒரு பதிவு. அறுபதைத் தாண்டிய ஒருவர் அதன் கீழே, "முன்பின் தெரியாத நீ யார் என்னிடம் இதைக் கேட்க?" என்று எழுதினார். இன்னொரு அம்மாள், "வாய்விட்டுப் படித்தால்தான் புரிகிறது. வாய்விட்டுப் படிக்கக்கூடிய விஷயமா இது?" என்று கேட்டிருந்தார்.

அவளுக்கு உறைத்தது. செய்தித்தாள் படித்தே பழகிய கண்ணுக்கு, எழுத்தில் வரும் பேச்சு தடுக்குகிறது. அதோடு, பேச்சுத் தமிழ் என்றால் யாரோ பக்கத்தில் வந்து உட்கார்ந்து பேசுகிறார்கள் என்று பொருள். இந்த விஷயத்தில் பக்கத்தில் யாரும் வரக்கூடாது.

அதனால், எந்தப் பதிவு எந்த வயதினரின் கைபேசிக்குப் போக வேண்டும் என்று வரம்பு வைத்து, இரண்டாகப் பிரித்தாள். அறுபதுக்கு மேற்பட்டவர்களுக்கு எழுத்துத் தமிழ்: "சிறுநீர்க் கசிவு, வயதில் மூத்தோர் பலருக்கும் ஏற்படுவதே. பயணங்களைத் தவிர்க்க வேண்டியதில்லை." யாரையும் பார்த்துக் கேட்காத, மருத்துவமனைச் சுவரில் எழுதியதைப் போன்ற இரண்டு வரிகள். முப்பத்தைந்திலிருந்து ஐம்பது வயது வரை உள்ள அவர்களுடைய பிள்ளைகளுக்குப் பேச்சுத் தமிழ். அவர்களிடம் எழுத்துத் தமிழில் சொன்னால் அரசாங்க அறிவிப்பு என்று தள்ளிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

அந்த இரண்டு வரியை அப்பாவே தன் கைபேசியில் பார்த்திருக்கிறார். ஒருநாள் சாப்பிடும்போது, தட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"பாப்பா, அதப் போட்டுக்கறேன். உன் அண்ணன் ஊருக்கு ஒருதடவ போய்ட்டு வந்துடலாம்."

அதுவரை துண்டை மடித்து வைத்துக்கொண்டு சமாளித்தவர். கட்டிலுக்கடியில் பொட்டலம் பிரிக்காமலே கிடந்தது. அன்று பிரித்தார்கள்.

பிள்ளைகளுக்கான பதிவுகள்தான் அவளுக்குச் சுலபமாக வரவில்லை. பேச்சு போல எழுதுவது பேசுவது போல அல்ல. எந்த ஊர்ப் பேச்சு என்று கேள்வி வரும். "பண்றீங்க", "செய்யறீங்க" இரண்டில் எது என்று அரைமணி நேரம் யோசிக்க வேண்டும். எப்படி எழுதினாலும் செயற்கையாக, கடைக்காரர் குழைவது போலவே இருந்தது. ஒரு மாலை, கெடு நெருக்கியபோது, யோசிக்காமல் எழுதினாள்.

"'அப்பா, ஈரமாயிடுச்சா? பரவால்லப்பா, சின்ன வயசுல நீங்க எனக்குப் பண்ணாததா?' இப்படிச் சொல்ற பொண்ணா நீங்க? உங்களுக்காகத்தான் இது."

முதல் வரி அன்று காலை அவள் அப்பாவிடம் சொன்னது. அதிலிருந்த "பரவால்லப்பா"வைக்கூட மாற்றவில்லை.

பதிவு பற்றிக்கொண்டது. ஆயிரக்கணக்கில் பகிர்ந்தார்கள். அழுதேன் என்று எழுதினார்கள்.

அடுத்த கூட்டத்தில் டயப்பர் நிறுவனத்தின் மேலாளர் உற்சாகமாக இருந்தார். விளம்பர எண்களைப் பார்க்கும் பெண்ணை அலுவலகத்தில் கணக்கு என்றுதான் கூப்பிடுவார்கள். கணக்கு திரையில் லைக், பகிர்வு எண்ணிக்கையை இரண்டு கோடுகளாகக் காட்டினாள். பேச்சுத் தமிழ்க் கோடு மேலே. எழுத்துத் தமிழ்க் கோடு தரையோடு.

"பெரியவங்களுக்கு ஒன்னு, பிள்ளைங்களுக்கு ஒன்னுன்னு எதுக்கு? எது ஓடுதோ அதயே எல்லாருக்கும் விடுங்க. வயசு வரம்ப எடுத்துடுங்க," என்றார் மேலாளர்.

"சார், பெரியவங்க இதுக்கு லைக் போட மாட்டாங்க. போட்டா ஊருக்கே தெரியும்ல? அவங்க தனியா மெசேஜ்ல விலை கேக்கறாங்க. அந்தக் கோட்டுல அது வரல," என்றாள் அவள்.

"எத்தன பேரு?"

கணக்கு உதட்டைப் பிதுக்கினாள். "குறைச்சல்தான் சார். ஆனா கேட்டவங்க வாங்கறாங்க."

"குறைச்சல்னா குறைச்சல்தானே. அழ வைக்கற மாதிரி எழுதிட்டு நீங்களே வேணாங்கறீங்களே! உங்க தமிழ்தான்மா ஓடுது. சந்தோஷப்படுங்க."

வெளியே வந்ததும் கணக்கு அவள் கையைப் பிடித்தாள். "அக்கா, நான் என்ன பண்ணட்டும்? எடுன்னா எடுக்கணும்." சாயங்காலத்துக்குள் வரம்பை எடுத்துவிட்டாள்.

ஓய்வுபெற்ற ஓட்டுநர்களுக்கு, அப்பாவும் சேர்ந்திருந்த ஒரு வாட்ஸப் குழு இருந்தது. அந்த வாரமே அதில் யாரோ அந்தப் பதிவைப் போட்டு, சிரிக்கிற முகம் நாலு சேர்த்து, "நம்மாளுங்க யாருக்கெல்லாம் வேணும், கை தூக்குங்கப்பா" என்று எழுதினார்.

அவள் வீட்டுக்கு வந்தபோது அப்பா முன்னறையில் கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தொலைக்காட்சி ஓடவில்லை.

"இது நீங்க எழுதினதுங்களா?"

அவள் பின்னால் வேறு யாரோ நிற்கிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. நாற்பத்திரண்டு வயதுவரை அவளை அவர் பாப்பா, வா, போ என்பதைத் தவிர வேறு விதமாகக் கூப்பிட்டதே இல்லை.

"அப்பா..."

"நம்ம வீட்டுல பேசினதுங்களே இது. அப்படியே இருக்கு."

"அது உங்களுக்கு வரவேண்டியது இல்லப்பா. என்ன மாதிரி ஆளுங்களுக்கு எழுதினது. அவங்கதான் மாத்தி விட்டுட்டாங்க."

"ஓ. நாங்க இல்லாத எடத்துல பேசிக்கறதுக்கு எழுதினதுங்களா? நல்லா எழுதியிருக்கீங்க."

அவள் அழுதாள். காலைப் பிடித்தாள். அவர் காலை இழுத்துக்கொள்ளவில்லை, திட்டவும் இல்லை. "எந்திரிங்க" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் அவள் மேலாளரிடம் பதிவை எடுக்கச் சொன்னாள். காரணத்தையும் சொன்னாள். அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார். "அடடா" என்றார். பிறகு, எடுத்தாலும் பகிர்ந்தவர்களிடம் இருக்கத்தானே செய்யும் என்றார். அதில் பொய் இல்லை.

அப்பா டயப்பரை விட்டுவிட்டார். துண்டுக்குத் திரும்பினார், அதையும் தானே துவைத்தார். அண்ணன் ஊருக்குப் போவது நின்றது. நனையாமல் இருக்கத் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தார். அவள் சொம்பில் வைத்தால் சொம்பு அப்படியே இருக்கும். கெஞ்சினால் "குடிக்கறேங்க" என்பார். அந்த 'ங்க'வைக் கேட்டதும் அவள் அறையைவிட்டு வெளியே வந்துவிடுவாள். வெயில் காலம் முடிவதற்குள் சிறுநீர்த் தொற்று வந்து, குளிர்க்காய்ச்சலில் பிதற்ற ஆரம்பித்தார். ஆம்புலன்ஸில் அவள் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு பாப்பா, பாப்பா என்றார். காய்ச்சல் இறங்கி நினைவு தெளிந்ததும் கையை விட்டார்.

"உங்களுக்கு வேலைக்கு நேரமாகலீங்களா?"

மருத்துவமனையிலிருந்து நடக்க முடியாதவராக வந்தார். பார்த்துக்கொள்ள ஓர் ஆண் உதவியாளரை அமர்த்தினார்கள். நடுவயதுக்காரர், அதிகம் பேசாதவர். அவர் வந்து கதவைச் சாத்திக்கொண்டு, "ஐயா, கொஞ்சம் திரும்புறீங்களா?" என்பது வெளியே கேட்கும். "இந்தாப்பா, அந்தத் தலையணைய எடு" என்று அப்பா சொல்வதும் கேட்கும். டயப்பர் மாற்ற அவரிடம் அப்பா மறுப்பதில்லை.

அவள் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருப்பாள். நிறுவனம் அதே மாதிரி, வீட்டில் பேசுகிற மாதிரி, இன்னும் பத்து வேண்டும் என்று கேட்டிருந்தது. எழுதினாள். எது எழுதினாலும் கடைக்காரர் குழைவது போலவே வந்தது. அதுவும் ஓடியது.