நாற்பத்தொன்றில் அணைந்த போன்

நாற்பத்தொரு சதவீதம் இருக்கும்போதே போன் அணைந்துவிட்டது என்று சுரேஷ்குமார் கடைவாசலில் நின்று சொன்னபோது, செங்கம் ரோட்டில் அதைக் கேட்காத ஆளே இருந்திருக்க முடியாது. வேன் ஓட்டுகிறவனுக்குத் தொண்டை அப்படித்தான் வாய்க்கும்.

"டூப்ளிகேட் பேட்டரியைத் தலையில கட்டிட்டியேம்மா! சென்னை ஏர்போர்ட் பார்க்கிங்ல போய் நிக்கிறேன். ஃப்ளைட் முக்கா மணி நேரம் முன்னாடியே வந்துடுச்சு. கெஸ்ட் ஹவுஸ்ல இருந்து கூப்புடுறாங்க, என் போன் செத்துக் கிடக்குது. நான் கூட்டிட்டு வர வேண்டிய ஜெர்மன்காரங்க வேற வண்டி புடிச்சி வந்துட்டாங்க. கெஸ்ட் ஹவுஸ் ஓனர் சரோஜாம்மா இனிமே நீ வர வேணாம்னு சொல்லிட்டாங்க."

அவன் எதிரே கவுன்டரில் உட்கார்ந்திருந்தவள் அருணாதேவி. கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து, மூன்று வருடமாக அந்தக் கடையில் செல்போன் ரிப்பேர் செய்பவள். 2009இல் அந்த ரோட்டில் சாலிடரிங் அயர்ன் பிடித்த ஒரே பெண் அவள்தான். வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் முதலில் "ஆள் இல்லையா?" என்று கேட்டுவிட்டுத்தான் போனைக் கொடுப்பார்கள். அந்த நாற்காலியில் அவளை உட்கார வைத்திருந்தது நல்ல பெயர் ஒன்றுதான்.

முதலாளி மூர்த்தி உள்ளேயிருந்து வந்தார். சத்தம் போடுகிற வாடிக்கையாளர் சொல்வதே நியாயம் என்பது அவருடைய கொள்கை.

"நம்ம கடையில டூப்ளிகேட் வித்தாங்கன்னு பேர் வந்தா நான் கடையை மூடிட்டுப் போக வேண்டியதுதான். அவர் சொல்றது நெஜம்னா நீ நாளையிலிருந்து வராதே."

மூன்று வருட நற்பெயருக்கு இவ்வளவுதான் மதிப்பா என்று அருணா நினைத்துக்கொண்டாள். அதைக் காட்டிக்கொள்ளாமல் கையை நீட்டினாள். சுரேஷ்குமார் இரண்டு பேட்டரிகளை எடுத்து வைத்தான். ஒன்று சிங்கப்பூரிலிருந்து மச்சான் கொண்டுவந்த அந்தத் தொடுதிரை போனோடு வந்த பழையது. இன்னொன்று ஒன்றரை மாதத்துக்கு முன்பு அவள் விற்றது. ஒரே கம்பெனி, ஒரே லேபிள். புதியதில் கடை ஒட்டிய ஸ்டிக்கரை, போன் மூடி இறுக்கமாக இருக்கிறதென்று அவன் எப்போதோ உரித்துப் போட்டிருந்தான்.

"இதுல எதுண்ணா அணைஞ்சது?"

"எனக்கென்ன தெரியும்? ரெண்டையும் மாத்தி மாத்திப் போடுறேன். ஆனா நாப்பது காட்டிச்சில்ல? செத்துப்போன பழசு எங்கேயிருந்து நாப்பது காட்டும்? அணைஞ்சது புதுசுதான்."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. சிக்கலே அந்த நியாயத்தில்தான் இருந்தது.

விற்கும் பேட்டரி ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஊசியால் தேதியைக் கீறிவிடுவது அருணாவின் வழக்கம். இரண்டில் ஒன்றைத் திருப்பிக் காட்டினாள். 'ஆகஸ்ட் 20' என்று மெல்லிய கீறல் தெரிந்தது. கீறல் இல்லாததை எடுத்துத் தனியே வைத்தாள்.

"உங்களுக்கு நாப்பத்தொண்ணுல அணைஞ்சது இந்தப் பழசு. நாளைக்குக் காலையில ரெண்டையும் நீங்களே வீட்ல ஃபுல்லா சார்ஜ் போட்டு எடுத்துட்டு வாங்க. உங்க கண் முன்னாடியே அணைய வைக்கிறேன். அணையாம நேரா சைபருக்குப் போச்சுன்னா, நான் கிளம்புறேன்."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு பெரிய வார்த்தை என்று அவளுக்கே உறைத்தது. கணக்கு தெரியும், ஆனால் பேட்டரி அவள் பேச்சைக் கேட்க வேண்டுமே.

மறுநாள் பத்து மணிக்குப் பழைய பேட்டரியைப் போனில் போட்டார்கள். திரையில் 98 வந்தது. வெளிச்சத்தைக் கூட்டி, ஒரு கல்யாண வீடியோவை ஓடவிட்டாள். பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர், டீ வாங்க வந்தவர்கள், ஆசிரமத்துக்குப் போகிற வழியில் நின்ற இரண்டு பேர் என்று கூட்டம் சேர்ந்தது. பார்க்கிற ஒருவருக்கும் மாப்பிள்ளை யாரென்று தெரியாது. ஆனாலும் தாலி கட்டும்போது எல்லோரும் உற்றுப் பார்த்தார்கள்.

80 ஆனது. 65 ஆனது. ஒவ்வொரு எண்ணும் ஒழுங்குமரியாதையாக இறங்கியது.

"நல்லாத்தானே எறங்குது," என்றான் சுரேஷ்குமார். மூர்த்தி அருணாவைப் பார்க்காமல் காலண்டரைப் பார்த்தார்.

52 வந்தது. 46. 45. பஸ்ஸுக்கு எடுத்து வைத்திருந்த சில்லறையை அருணா பையில் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

44 என்று காட்டியபோது பந்தி பரிமாறிக்கொண்டிருந்தார்கள். பாயசம் வருவதற்குள் திரை கறுத்துவிட்டது.

அருணா சற்றுப் பொறுத்துப் போனை மறுபடி ஆன் செய்தாள். இப்போது 6 என்று காட்டிவிட்டு உடனே உயிரை விட்டது.

"நாப்பத்துநாலு எங்கம்மா போச்சு?" என்றார் ஜெராக்ஸ் கடைக்காரர்.

"அது எப்பவுமே இல்லீங்க. பேட்டரிக்குள்ள எட்டிப் பார்த்து இவ்ளோ இருக்குன்னு யாராலயும் சொல்ல முடியாது. போன்ல ஒரு சின்ன சிப் இருக்குது. எவ்ளோ கரண்ட் வெளியே போச்சுன்னு எண்ணிக்கிட்டே இருக்கும். மொத்தம் எவ்ளோ புடிக்கும்னு அதுக்கு ஒரு கணக்கு உண்டு. அதுல இருந்து கழிச்சு மிச்சத்தைக் காட்டும், அவ்ளோதான். நம்ம தொட்டியில நூறு குடம் புடிக்கும்னு நெனச்சு எத்தனை குடம் மொண்டோம்னு எண்ணுறோம். அடியில நாப்பது குடத்துக்குச் சேறு. அறுபதாவது குடத்துல கை சேத்துல இடிக்குது. பழைய பேட்டரி அப்படித்தான், ஃபுல் பண்ணாலும் கம்மியாத்தான் புடிக்கும். வோல்டேஜ் சரிஞ்சதும் போன் நின்னுடுச்சு. கொஞ்ச நேரம் சும்மா இருந்தா வோல்டேஜ் துளி ஏறும், அதைப் பார்த்துத்தான் ஆறுன்னு ஊகம் பண்ணிச்சு."

கீறல் போட்ட பேட்டரியைப் போட்டாள். அதே கல்யாணம் முதலிலிருந்து ஓடியது. சாயங்காலம் நாலு மணி வரைக்கும் ஓடி, 2 காட்டியபோதுதான் அணைந்தது.

மூர்த்தியின் முகம் மலர்ந்துவிட்டது. "நான் அப்பவே சொன்னேன், நம்ம பொண்ணு தப்பு பண்ணாதுன்னு." அவர் அப்படி எப்போது சொன்னார் என்று கேட்க அங்கே யாருக்கும் துணிச்சல் இல்லை. சுரேஷ்குமார் தலையைக் குனிந்துகொண்டு பேட்டரிகளைப் பொறுக்கினான்.

அதோடு விட்டிருந்தால் அவள் ஜெயித்த கதையாக முடிந்திருக்கும். ஆனால் காலையிலிருந்தே ஒரு விஷயம் அவளை உறுத்திக்கொண்டிருந்தது.

"ஒரு நிமிஷம்ண்ணா. புது பேட்டரியை விக்கும்போது, ஒரு தடவை ஃபுல்லா ஏத்தி, அணையிற வரைக்கும் ஓட்டி, மறுபடி ஃபுல் பண்ணுங்கன்னு நான்தான் சொன்னேன். புதுசு எவ்ளோ புடிக்கும்னு போன் அப்பதான் கத்துக்கிச்சு. பழசைக் கழட்டித் தனியா ஏத்துற கிளிப் சார்ஜர்ல போட்டு மாத்திக்கோங்கன்னு சொன்னதும் நான்தான். ரெண்டும் வேற வேறன்னு போனுக்குத் தெரியாது. புதுசோட கணக்கை வச்சே பழசையும் எண்ணிச்சு. பழசு போட்டா நம்பரை நம்பாதீங்கன்னு நான் சொல்லியிருக்கணும். சொல்லல."

"ஜெயிச்சதுக்கு அப்புறம் ஏம்மா இது?" என்று மூர்த்தி பல்லைக் கடித்தார்.

அருணா கடை போனை எடுத்து சரோஜாம்மாவின் எண்ணை அழுத்தினாள். அந்த கெஸ்ட் ஹவுஸ் போன்கள் எல்லாம் ரிப்பேருக்கு இந்தக் கடைக்குத்தான் வரும். அதை நினைத்தபோது அவளுக்கே குரல் கொஞ்சம் இறங்கியது.

"அம்மா, செல்போன் கடையிலிருந்து அருணாதேவி பேசுறேங்க. அன்னைக்கு சுரேஷ் அண்ணா வேணும்னு போனை அணைச்சு வைக்கல. தப்பு என்னோடது." அந்தப் பக்கம் நீளமாக ஏதோ சொன்னார்கள். அவள் "சரிங்க" என்று நாலு தடவை சொல்லிவிட்டு வைத்தாள்.

"வெள்ளிக்கிழமை காலையில உங்களை வந்து பார்க்கச் சொன்னாங்க. எங்க கடைக்கு இனி போன் அனுப்புறதை யோசிச்சுச் சொல்றாங்களாம்."

மூர்த்தி உள்ளே போனார். சுரேஷ்குமார் புதுப் பேட்டரியைப் போட்டுக் கடை சார்ஜரிலேயே செருகினான். திரையில் 62 வந்ததும் அவளிடம் காட்டினான்.

"இது எவ்ளோ நேரம் வரும்மா?"

"சரியா சொல்லத் தெரியாதுண்ணா," என்றாள் அருணா.

அந்தக் கடையில் அதுவரை யாரும் எந்த வாடிக்கையாளரிடமும் சொல்லாத பதில் அது. சுரேஷ்குமார் தலையாட்டினான். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, போன் நிறையட்டும் என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.