பாதி எடை

எங்கள் பின்கதவு காற்றில் அறையாமல் இருக்க ஒரு பித்தளைக் குண்டை அண்டக் கொடுத்திருக்கிறோம். கிட்டத்தட்ட ஐந்து கிலோ. பேத்தி அதை நகர்த்தப் பார்த்துத் தோற்றுவிட்டுக் கேட்பாள்: "தாத்தா, இது முழு எடையா, பாதி எடையா?" வீட்டில் எல்லோரும் கேட்பதுதான். என் கணவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கமாட்டார். "உங்க பாட்டியக் கேளு. தீர்ப்பு அவ கையில."

நாங்கள் இருவரும் வேலை பார்த்த சுரங்கக் குழியை இந்த வாரம் மூடிவிட்டார்களாம்.

முந்நூறு மீட்டர் ஆழம். நான் சர்வே பிரிவின் வரைபட அறையிலிருந்து கீழே இறங்க அனுமதி கேட்டுக் கேட்டு, கடைசியில் கிடைத்திருந்தது. ஈரப்பாறை வாசனை தலைமுடியில் ஏறி வீடுவரை வரும். எனக்கு அது பிடித்திருந்தது.

குழியின் அடியிலிருந்து ஒரு பாதை குடைய வேண்டும். அடுத்த குழியிலிருந்து குடைந்து வருபவர்களோடு அது நடுவில் சேர வேண்டும். பாதையோரம் தண்ணீர் ஓடக் கால்வாய். அதன் சரிவு மிகக் குறைவு. மட்டம் தப்பினால் தண்ணீர் திரும்பி வரும். ஆழத்தை எஃகு நாடாவால் அளந்தோம். நுனியில் இந்தக் குண்டைக் கட்டி, ஒரே தொங்கலாக.

தொங்கும் நாடா நீளும். நீண்ட நாடா ஆழத்தைக் குறைத்துக் காட்டும். எவ்வளவு நீண்டதோ அவ்வளவைக் கூட்ட வேண்டும்.

என் கணவர் அப்போது எனக்கு ஒரு சக ஊழியர் மட்டும்தான். ஆட்களைக் குழிக்குள் இறக்கும் கூண்டின் கயிறுகளைப் பரிசோதிக்கும் பட்டறையிலிருந்து வந்தவர். "குண்டு இழுக்கிறது முப்பத்தஞ்சு மில்லிமீட்டர். நாடாவும் அதே எடை. அதுக்கும் முப்பத்தஞ்சு" என்றார்.

"நாடாவுக்குப் பதினேழுதான்" என்றேன்.

"ஏன், நாடா பாதி நேரம் தூங்குதா?"

"குண்டு மொத்த நாடாவையும் இழுக்குது. நாடா அப்படி இல்ல. மேல் முனை எல்லாத்தையும் தாங்குது. நடுவுல பாதி. அடி நுனிக்குத் தாங்க எதுவுமே இல்ல. சராசரி பாதிதானே?"

"மேல் முனைதான்மா அறும்."

"அறுறதப் பத்தியா பேசுறோம்? நீளுறதப் பத்திப் பேசுறோம்."

கயிறு தாங்குமா என்று பார்த்துப் பழகியவருக்கு மேல் முனைதான் உலகம்.

தலைமை சர்வேயர் இருவர் சொன்னதையும் கேட்டார். மறுநாள் குடைவு தொடங்க வேண்டும். குடைபவர்களுக்கு மட்டம் காட்டச் சுவரில் ஒரு கோடுதான் போட முடியும். "கூண்ட நிறுத்தி மறுபடி அளந்தா ஒரு ஷிப்ட் போகும். போகட்டும்" என்றார் என்னிடம். "நீ சொன்னது தப்புன்னா வரைபட அறைக்கே போயிடு. அங்க நிழல், மின்விசிறி, எல்லாம் இருக்கு."

எப்படிச் சோதிப்பது என்று நான்தான் சொன்னேன். பாதி ஆழத்தில் ஒரு தளம் இருந்தது. மேலிருந்து அதுவரை ஒரு தொங்கல், அதிலிருந்து அடிவரை இன்னொன்று. குண்டு தரும் நீட்சி கூட்டிப் பார்த்தால் மாறாது. ஒவ்வொரு தொங்கலிலும் நாடாவின் எடை பாதிதான் என்பதால், அது தரும் நீட்சி மட்டும் பாதியாகும். அதனால் இரண்டு துண்டின் கூட்டல், ஒரே தொங்கலின் அளவைவிட அதிகம் வரும். அவர் சொன்னது சரியென்றால் பதினேழு மில்லி அதிகம். நான் சொன்னது சரியென்றால் ஒன்பது.

கூண்டு ஓட்டுநர் கேலி பேசியபடியே எங்களை ஏற்றி இறக்கினார். "பாதியும் முழுசும் ஒரே கூண்டுல போகுது, ஆண்டவன்தான் காப்பாத்தணும்."

முதலில் ஒரே தொங்கல், நான் மேலே குழி வாயில், அவர் அடியில். பிறகு மேல் பாதி, அவர் நடுத்தளத்தில். பிறகு நான் நடுத்தளத்தில் நின்று நாடாவைப் பிடிக்க, அவர் அடிக்குப் போனார். காற்றோட்டத்தை நிறுத்தியிருந்தார்கள். குண்டு ஆடி அடங்க வெகுநேரம் ஆனது. மேல் எண்களை நான் தொலைபேசியில் சொன்னேன். மூன்று முறையும் கீழ் எண்ணைப் படித்தவர் அவர். அவர் பக்கத்தில் வேறு யாரும் இல்லை. எட்டு மில்லி கூட்டிப் பதினேழு என்று சொன்னாலும் எவரும் கேட்கப் போவதில்லை. அது கையில் தொலைபேசியோடு நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

பாறையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இன்றைக்கும் அந்தச் சொட்டு காதில் இருக்கிறது.

"கூட்டிட்டீங்களா?"

"இரு. மறுபடி படிக்கிறேன்."

காத்திருந்தேன். வரைபட அறையின் மின்விசிறி சத்தம்கூட நினைவுக்கு வந்தது.

"எட்டரை" என்றார். "சரி, ஒன்பதுன்னே வை."

எண்ணைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தேன்.

"லைன்ல இருக்கியா? கூண்டு அனுப்பச் சொல்றேன். சுண்ணாம்பும் தூரிகையும் எடுத்துட்டு வா. கோட்ட நீயே போடு."