தப்பாக வரும் கயிற்று பில்

பில் வாங்கும் ஜன்னலை மூடப்போகிறோம் என்று சொன்ன மேனேஜர், சப்ளையர்களுக்கான மெயிலையும் எங்களையே எழுதச் சொன்னார். அக்கா சொல்லச் சொல்ல நான் டைப் செய்தேன். கூடப் பிறந்த அக்கா இல்லை. எங்கள் தொழிற்சாலைக் கணக்குப் பிரிவில் எல்லோருக்கும் அவர் அக்காதான்.

'ஒன்றாம் தேதி முதல் பில்களை எங்கள் இணையப் போர்ட்டலில் மட்டுமே ஏற்ற வேண்டும். ஸ்டோரில் சரக்கு வரவு வைத்த பிறகே பில் போட முடியும். ஓர் ஆர்டருக்கு ஒரு பில். அளவும் விலையும் ஆர்டரோடும் வரவோடும் பொருந்த வேண்டும். காகிதத்திலோ மெயிலிலோ வரும் பில்கள் ஏற்கப்படமாட்டா.'

கடைசியில், 'சந்தேகம் இருந்தால் வழக்கம்போல் ஜன்னலுக்கு வாருங்கள்' என்று சேர்க்கச் சொன்னார் அக்கா. அந்த வரியை மட்டும் நீக்கிவிட்டு மேனேஜர் அனுப்பினார்.

அந்த ஜன்னலின் மரச்சட்டம் முழங்கைகள் பட்டுப் பட்டு வழுவழுவென்றிருக்கும். அட்டைப்பெட்டிக்காரர் தன் மகள் கல்யாண ஆல்பத்தை அதன் மேல்தான் விரித்தார். லேபிள்காரர் ரசீது முத்திரை காயும்வரை மாமியார் கதை சொல்வார். அக்காவின் வேலைக்கு ஆபத்தில்லை. வருகிறவர்கள்தான் வரமாட்டார்கள். அதுதான் அவரை வாட்டியது.

ஜன்னல் திறந்திருந்த கடைசி வாரம் கயிறு சப்ளை செய்யும் பெரியவர் வந்தார். போர்ட்டல் அதற்குள் வேலை செய்யத் தொடங்கியிருந்தது.

"தங்கச்சி, உங்க மெஷின் என் பில்லைத் திருப்பித் திருப்பி அனுப்புது. எனக்கும் அதுக்கும் ஏழாம் பொருத்தம்."

"ஒரு மாச ஆர்டரையும் மூட்டை கட்டி ஒரே பில்லாப் போட்டா எப்படி எடுக்கும்? தனித்தனியாப் போடுங்கண்ணே."

"அப்ப ஒவ்வொண்ணுக்கும் வரணுமா? எனக்குச் சந்தோஷம்தான்."

"வரவே வேண்டாம். வீட்டுலயே போட்டுடலாம்."

அவர் முழங்கையைச் சட்டத்திலிருந்து எடுத்தார்.

"போட்டா நீ பாப்பியா?"

"எல்லாம் சரியா இருந்தா யாரும் பாக்க மாட்டோம். சிஸ்டமே ஏத்துக்கும். தப்பா இருந்தாத்தான் என்கிட்ட வரும்."

"ஓஹோ" என்றபடி போய்விட்டார்.

ஜன்னலுக்குப் பலகை அடித்து, அங்கே ஒரு பிரிண்டரை வைத்தார்கள். அடுத்த மாதம் அக்காவின் திரையில் சிவப்பாக ஒரு வரி. கயிற்று பில். ஸ்டோரில் வரவானதைவிட ஒரு சுருள் அதிகம். குறிப்புப் பெட்டியில், 'கூடப் போட்டுட்டேன் போல தங்கச்சி. உன் முட்டி வலி தேவலையா?'

அக்கா வெகுநேரம் அதையே பார்த்தார். பிறகு, திருப்பி அனுப்பும் காரணத்துக்கான பெட்டியில் அடித்தார்: 'ஒரு சுருள் குறைத்துப் போடவும். வலி தேவலை. அண்ணி சுகமா?'

திருத்திய பில் யார் கண்ணிலும் படாமல் ஏறியது. அதற்குப் பிறகு மாதாமாதம் அவருடைய பில்களில் ஒன்று மட்டும் தப்பாக வந்தது.

"இந்த மனுஷனுக்கு நம்ம மெயில் புரியவே இல்லையா?" என்று ஒருநாள் மேனேஜர் கேட்டார். "இன்னும் விளக்கமா ஒண்ணு அனுப்புங்க."

"அவருக்கு நல்லாவே புரிஞ்சிருக்கு சார்" என்றார் அக்கா, என் பக்கம் திரும்பாமல். திரும்பியிருந்தால் இரண்டு பேரும் சிரித்து மாட்டிக்கொண்டிருப்போம்.